ஷவரைத் திறந்தால் குழாயிலும் தண்ணீர் கொட்டுதா? சுவரை உடைக்கும் முன் ஒருமுறை டைவர்ட்டரைக் கழற்றிப் பாருங்கள்!

ஷவரில் குளித்துக்கொண்டிருக்கும்போது கீழே உள்ள ஸ்பவுட்டிலிருந்தும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். முதலில் சொட்டாகத் தொடங்கும். ஆறு மாதத்தில் நூல் போல இறங்கும். ஒரு வருடத்தில் விரல் பருமனுக்கு வந்துவிடும். பல வீடுகளில் இதற்குச் செய்யும் ஒரே வைத்தியம், ஸ்பவுட்டுக்குக் கீழே ஒரு பக்கெட்டை வைப்பதுதான். துணி துவைக்க ஆகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

தென் சென்னையில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் தளத்தில் இருக்கும் ஒரு வீட்டிலும் இதே கதைதான். பள்ளி ஆசிரியை, அவர் கணவர், கல்லூரிக்குப் போகும் மகன், எழுபது வயதைத் தாண்டிய மாமியார் என்று நான்கு பேர். குளியலறையில் 15 லிட்டர் கீசர். காலையில் மூன்று பேர் வரிசையாகக் குளித்து முடித்தால், கடைசியாகப் போகும் மாமியாருக்கு வெந்நீர் பாதியிலேயே தீர்ந்துபோகும். கீசர் பழசாகிவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். பெரிய கீசர் வாங்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. வெந்நீர் போன வழி வேறு என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் வந்து பார்த்தவர், "கன்சீல்டு டைவர்ட்டர் போயிடுச்சு மேடம். டைல்ஸை உடைச்சு புதுசு வைக்கணும்" என்று சொல்லிவிட்டார். உடைத்தால் அதே நிறத்தில் டைல்ஸ் கிடைக்குமா, எத்தனை நாள் குளியலறை இல்லாமல் இருப்பது, மாமியாரை எங்கே அனுப்புவது என்று வீடே குழம்பியது. அக்கம்பக்கத்தில் சொல்லி அழைத்து வந்த இரண்டாவது பிளம்பர் வயதானவர். அவர் முதலில் கேட்டது ஸ்பேனரை அல்ல, ஒரு லிட்டர் மக்கையும் போனில் இருக்கும் ஸ்டாப்வாட்சையும்!

எவ்வளவு போகிறது என்று அளந்தால்…

ஷவரை முழுசாகத் திறந்து, ஸ்பவுட்டுக்குக் கீழே மக்கைப் பிடித்தார். 40 விநாடியில் நிரம்பியது. அதாவது, நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர். அடுத்து ஷவரின் கீழே பக்கெட்டை வைத்து அளந்ததில் நிமிடத்துக்கு 5 லிட்டர் வந்தது. ஆக, வரும் ஆறரை லிட்டரில் கிட்டத்தட்ட கால் பங்கு தலையில் விழாமலே தரைக்குப் போகிறது.

ஒருவர் எட்டு நிமிடம் குளித்தால் 12 லிட்டர் வீண். அதுவும் பச்சைத் தண்ணீர் அல்ல, கீசரில் சுட்டு, குளிக்கும் பதத்துக்குக் கலந்த தண்ணீர். பாதிக்குப் பாதி கலந்ததாக வைத்துக்கொண்டாலும் ஒவ்வொரு குளியலிலும் ஆறு லிட்டர் வெந்நீர் ஜாலி வழியாகப் போகிறது. மூன்று பேர் குளித்து முடிக்கும்போது 18 லிட்டர். ஒரு முழு கீசருக்கும் மேல்!

"கீசர் நல்லாத்தான்மா இருக்கு. நாலாவது ஆளு குளிக்க வேண்டிய சுடுதண்ணியை இந்தக் குழாய் குளிச்சிடுது" என்றார் பிளம்பர்.

வீட்டில் யார் வேண்டுமானாலும் இந்த அளவைச் செய்து பார்க்கலாம். எவ்வளவு கசிந்தால் பெரிய கோளாறு என்று முடிவு செய்ய ஓர் அளவுகோலும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில விதியில், குளியல்தொட்டி ஸ்பவுட் டைவர்ட்டர் புதிதாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 38 மில்லிக்கு மேல் கசியக் கூடாது. 15,000 தடவை இயக்கிச் சோதித்த பிறகும் சுமார் 190 மில்லியைத் தாண்டக் கூடாது. நம் ஊர் டைவர்ட்டருக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும், புதியதிலேயே சில சொட்டுகள் சகஜம் என்பதும், நிமிடத்துக்கு ஒரு டம்ளருக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பதும் இதிலிருந்து புரியும். ஆசிரியை வீட்டில் போனது ஏழெட்டு டம்ளர்.

உள்ளே என்ன நடக்கிறது?

இந்த வீட்டில் இருந்தது, இப்போது பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காணப்படும் வகை. சுவருக்குள் பித்தளை உடம்பு புதைந்திருக்கும். வெளியே ஒரு தட்டும், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் ஒரு லீவரும், அதன் கீழே ஒரு பட்டனும் தெரியும். லீவரைத் தூக்கினால் ஸ்பவுட்டில் தண்ணீர். பட்டனை இழுத்தால் ஷவரில் தண்ணீர்.

பட்டனுக்குப் பின்னால் ஒரு தண்டு. அதன் மேல் ரப்பர் வாஷரும், ஒரு சின்ன ஸ்பிரிங்கும் இருக்கும். டைவர்ட்டருக்குள் இரண்டு வாசல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஷவருக்கு, மற்றது ஸ்பவுட்டுக்கு. சும்மா இருக்கும்போது ஸ்பிரிங் தண்டைத் தள்ளி ஷவர் வாசலை மூடி வைத்திருக்கும். பட்டனை இழுத்தால் ரப்பர் நகர்ந்து ஸ்பவுட் வாசலில் போய் உட்காரும். கையை எடுத்த பிறகும் அது அங்கேயே நிற்பதற்குக் காரணம் எந்தக் கொக்கியும் அல்ல, தண்ணீரின் அழுத்தம்தான். பின்னாலிருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டே இருப்பதால் கதவு திறக்காமல் நிற்கிறது. லீவரை மூடியதும் அழுத்தம் போய்விடும், ஸ்பிரிங் தண்டைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிடும். அடுத்து உள்ளே போய் கால் கழுவ லீவரைத் தூக்குபவர் தலையில் ஷவர் கொட்டாமல் இருப்பது இதனால்தான்.

ஆக, ஸ்பவுட்டை மூடி வைத்திருப்பவை மூன்று: ரப்பர், ரப்பர் உட்காரும் பித்தளை விளிம்பு, தண்ணீரின் அழுத்தம். ஷவர் ஓடும்போது குழாயில் தண்ணீர் வந்தால் இந்த மூன்றில் ஒன்றோ, இரண்டோ சரியில்லை என்று பொருள். லீவரை முழுசாக மூடிய பிறகும் மணிக்கணக்கில் சொட்டினால் அது டைவர்ட்டரின் குற்றம் அல்ல. லீவருக்குப் பின்னால் இருக்கும் கார்ட்ரிட்ஜைப் பார்க்க வேண்டும். குளித்து முடித்ததும் ஸ்பவுட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் இறங்கி நின்றுவிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை. ஷவருக்கு ஏறும் பைப்பில் தேங்கியிருந்த தண்ணீர் சில மாடல்களில் அப்படித்தான் வடியும்.

"காலையில அதிகமா வருதா, சாயங்காலமா?"

பிளம்பர் கேட்ட இரண்டாவது கேள்வி இது. ஆசிரியை யோசித்துவிட்டுச் சொன்னார், "காலையிலதான் அண்ணே அதிகம். சாயங்காலம் குளிச்சா கொஞ்சம் பரவாயில்ல."

காலையில் அந்த வீட்டில் சமையலறைக் குழாய் திறந்திருக்கும், வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறும், கீழ் வீடுகளிலும் எல்லாக் குழாய்களும் ஓடும். எல்லோருக்கும் மொட்டை மாடியில் இருக்கும் அதே டேங்க். பலர் ஒரே நேரத்தில் இழுக்கும்போது டைவர்ட்டருக்கு வரும் அழுத்தம் இறங்கிவிடுகிறது. கதவைத் தள்ளிப் பிடிக்கும் கை தளர்கிறது. மாலையில் மற்ற குழாய்கள் மூடியிருப்பதால் பிடி கொஞ்சம் இறுகுகிறது. இப்படி நேரத்துக்கு நேரம் கசிவு மாறினால் அழுத்தத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று அறியலாம்.

மேல் தளம் என்பதால் இந்த வீட்டுக்கு இயல்பிலேயே அழுத்தம் குறைவு. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். இங்கே மொட்டை மாடியில் நாலடி மேடை மேல் டேங்க். அதன் தண்ணீர் மட்டத்துக்கும் குளியலறை டைவர்ட்டருக்கும் நடுவே மூன்றரை மீட்டர் அளவில்தான் உயரம். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 350 கிராம். இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள வட்ட ரப்பர் என்றால், மொத்தத்தில் ஒரு கிலோ அளவுக்குத்தான் அதைத் தள்ளும் விசை. அதுவும் தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது. ஷவர் ஓடத் தொடங்கியதும் அதில் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். அந்த மிச்சத்தில்தான் ஸ்பிரிங்கையும் எதிர்த்து நிற்க வேண்டும். தரைத்தளத்து வீட்டுக்கு இதைவிட ஆறேழு மீட்டர் கூடுதல் உயரம் கிடைக்கும். ஒரே நாளில் வாங்கிப் பொருத்திய அதே மாடல் கீழ் வீட்டில் ஒழுகாமலும் மேல் வீட்டில் ஒழுகியும் இருப்பதன் மர்மம் இவ்வளவுதான்.

ஆனால், இந்த வீட்டுக்குக் குடி வந்த முதல் மூன்று வருடங்கள் கசிவே இல்லை. டேங்கின் உயரமும் மாறவில்லை. அப்படியானால் அழுத்தம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ரப்பர் புதிதாக, மெத்தென்று இருந்தவரை லேசான தள்ளலிலேயே விளிம்போடு படிந்து அடைத்துக்கொண்டது. இறுகிப்போன ரப்பருக்கு அதே தள்ளல் போதவில்லை.

கழற்றுவதற்கு முன் இன்னொரு சோதனையும் செய்தார். ஷவர் தலையைத் திருகி எடுத்துவிட்டு, தண்ணீரைத் திறந்தார். போர் தண்ணீர் வரும் வீடுகளில் ஷவரின் துளைகள் உப்பால் அடைத்திருக்கும். மேலே போக வழி இல்லாத தண்ணீர், கீழே இருக்கும் சின்ன இடைவெளியைத் தேடிப் போகும். தலையை எடுத்ததும் ஸ்பவுட் கசிவு வெகுவாகக் குறைந்தால், டைவர்ட்டரைத் தொடாமல் ஷவரைச் சுத்தம் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தலையை எடுத்ததும் பட்டன் தானாகத் திரும்பிவிட்டால் அழுத்தம் மிகவும் குறைவு என்று பொருள். இங்கே பட்டன் நின்றது, கசிவும் கொஞ்சம் குறைந்தது. ஆனால், நிற்கவில்லை. கோளாறு உள்ளேதான்.

கழற்றும் முறை

இந்த இடத்தில்தான் முதலில் வந்தவர் சொன்னதும் உண்மையும் பிரிகின்றன. கன்சீல்டு என்றாலே சுவரை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சுவருக்குள் நிரந்தரமாக இருப்பது பித்தளை உடம்பு மட்டும்தான். தேய்கிற பாகங்கள் எல்லாமே முன்பக்கமாகக் கழற்றும்படிதான் செய்யப்பட்டிருக்கும்.

முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது. இதில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. டைவர்ட்டருக்கு இரண்டு பைப்புகள் வருகின்றன. பச்சைத் தண்ணீர் கேட் வால்வை மட்டும் மூடிவிட்டுக் கழற்றினால், கீசரிலிருந்து கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கலாம். பிளம்பர் முதலில் கீசர் ஸ்விட்ச்சை அணைத்து, கீசருக்குப் போகும் ஆங்கிள் காக்கை மூடி, குளியலறையின் கேட் வால்வையும் மூடினார். பிறகு லீவரைத் தூக்கி, நடு, இடம், வலம் என்று மூன்று பக்கமும் திருப்பி, பைப்பில் மிச்சமிருந்த தண்ணீரை வடியவிட்டார். தண்ணீர் முழுவதும் நின்ற பிறகே கை வைத்தார். தரை ஜாலி மேல் ஒரு பழைய துணியையும் விரித்தார். லீவர் ஸ்க்ரூ கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஜாலிக்குள் விழுந்தால் அதைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டியிருக்கும்.

லீவரில் சிவப்பும் நீலமுமாக ஒரு சின்ன மூடி இருந்தது. அதை நகத்தால் நெம்பி எடுத்ததும் உள்ளே ஸ்க்ரூ தெரிந்தது. ஆலன் கீயால் தளர்த்தினால் லீவர் கையோடு வந்துவிடும். பட்டனை இடப்பக்கமாகத் திருகினால் கழன்றுவிடும். அதன் பிறகு வெளித் தட்டை முன்னால் இழுக்கலாம். சில மாடல்களில் தட்டு ஸ்க்ரூவில் இருக்கும், சிலவற்றில் ரப்பர் பிடிப்பில் நிற்கும். டைல்ஸ் வேலை செய்தவர் சிமென்ட் பூசி ஒட்டியிருந்தால் பிளேடால் ஓரத்தைக் கீறித்தான் எடுக்க வேண்டும். நெம்பினால் தட்டு வளைந்துவிடும்.

தட்டை எடுத்ததும் இரண்டு பாகங்கள் தெரியும். மேலே லீவரின் கார்ட்ரிட்ஜ். கீழே ஆறு முக நட்டு வடிவில், பட்டன் தண்டு நீட்டிக்கொண்டிருப்பது டைவர்ட்டர் யூனிட். மேலே உள்ளதைத் தொட வேண்டியதில்லை. கீழே உள்ளதை ஸ்பேனரால் இடப்பக்கமாகத் தளர்த்தினார். உப்பு பிடித்திருந்ததால் சட்டென்று அசையவில்லை. இந்த இடத்தில் வெறி கொண்டு திருகினால், சுவருக்குள் இருக்கும் உடம்பே சுழன்று பைப் இணைப்பு விட்டுவிடும் ஆபத்து உண்டு. உண்மையிலேயே டைல்ஸை உடைக்க வேண்டி வருவது அப்போதுதான். அவர் ஒரு துணியை வினிகரில் நனைத்து நட்டைச் சுற்றி வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். அரை மணி நேரத்தில் நட்டு இளகியது.

வெளியே வந்த தண்டைப் பார்த்ததும் விடை கிடைத்தது. ரப்பர் வாஷரின் நடுவில் ஒரு வட்டப் பள்ளம். வருடக்கணக்கில் பித்தளை விளிம்பு அழுத்திய தடம். நகத்தால் அழுத்தினால் அமுங்கவில்லை, பிளாஸ்டிக் போல இறுகியிருந்தது. ஓரத்தில் வெள்ளையாக உப்புத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. ஸ்பிரிங் நன்றாக இருந்தது. தண்டைச் சுற்றியிருந்த இரண்டு ஓ-ரிங்குகளில் ஒன்று தட்டையாகியிருந்தது.

பிறகு அவர் டார்ச் அடித்துச் சுவருக்குள் பார்த்தார், சுண்டு விரலை விட்டு விளிம்பைத் தடவினார். சொரசொரவென்று இருந்தது உப்பா, பித்தளையே அரித்துப்போயிருக்கிறதா என்பதுதான் இப்போது முக்கியமான கேள்வி. உப்பு என்றால் பிழைத்தோம். பித்தளையில் வெட்டு விழுந்திருந்தால் எத்தனை புது வாஷர் போட்டாலும் அந்த வெட்டு வழியாகத் தண்ணீர் போகும். வினிகரில் நனைத்த பஞ்சை விளிம்பில் வைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் வழுவழுப்பாகிவிட்டது. வெறும் உப்புதான்.

சில வீடுகளில் இந்த உப்பைப் போக்கக் கழிவறைக்கு ஊற்றும் ஆசிடைத் தொட்டுத் தேய்ப்பார்கள். அது உப்போடு சேர்த்துப் பித்தளையையும் முலாமையும் தின்றுவிடும். சமையல் வினிகரோ, தண்ணீரில் கரைத்த எலுமிச்சை உப்போ போதும். அவற்றோடு பிளீச்சிங் பவுடர் கலந்த எதையும் சேர்க்கக் கூடாது, மூச்சை அடைக்கும் குளோரின் வாயு வரும்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

ஆசிரியையின் மகனிடம் பழைய தண்டை அப்படியே பாலித்தீன் கவரில் போட்டுக் கொடுத்து அனுப்பினார் பிளம்பர். "வாஷரை மட்டும் எடுத்துட்டுப் போகாத தம்பி, தண்டோட காட்டு" என்று இரண்டு முறை சொன்னார். காரணம் இருக்கிறது. தேய்ந்த ரப்பர் அதன் பழைய கனத்தில் இருக்காது. அதை வைத்து அளவு பார்த்தால் மெலிந்ததைத்தான் கொடுப்பார்கள். ஓ-ரிங்கிலும் அதே கதை. தண்டில் அது உட்காரும் பள்ளத்தை வைத்துத்தான் சரியான கனத்தைச் சொல்ல முடியும். ஒரு மில்லிமீட்டர் கனம் குறைந்தால் கசியும். கூடினால் பட்டன் இறுகி, மூடிய பிறகும் திரும்பி வராது.

நிறுவனத்தின் பெயரும் மாடலும் தெரிந்தால் டைவர்ட்டர் யூனிட்டையே முழுசாக வாங்கிவிடுவது நல்லது. வாஷர் மட்டும் மாற்றுவதைவிடச் செலவு கூடும். ஆனால் ரப்பர், ஓ-ரிங், ஸ்பிரிங், தண்டு எல்லாமே புதிதாக வந்துவிடும். மாடல் பெயர் தெரியாவிட்டால் வெளித் தட்டைப் போட்டோ எடுத்துக் காட்டலாம். இந்த வீட்டு மாடலின் யூனிட் முதல் கடையில் இல்லை, மூன்றாவது கடையில் வாஷரும் ஓ-ரிங்கும் அளவுக்குப் பொருந்தின. அதோடு திரும்பினார் மகன்.

மாட்டும் முன் பிளம்பர் செய்த ஒரு வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திறந்திருந்த துளைக்கு முன்னால் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, கேட் வால்வை மட்டும் லேசாக இரண்டு விநாடி திறக்கச் சொன்னார். கீசர் மூடியே இருந்தது. தேய்த்த உப்புத் தூளும், பைப்பில் கிடந்த மணலும் பழுப்பாக வெளியே வந்தன. அந்த மணலில் ஒரு துணுக்கு புது ரப்பருக்கும் விளிம்புக்கும் நடுவே மாட்டியிருந்தால் அன்றைக்கே மறுபடி கசிந்திருக்கும்.

ஓ-ரிங்கில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவினார். வீட்டில் இருக்கிறது என்று வாசலினைத் தடவுவது வேண்டாம். குழாய்களில் பயன்படும் சில வகை ரப்பர்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். பிறகு யூனிட்டைக் கையால் முழுவதும் திருகி, ஸ்பேனரால் கடைசியாகக் கால் சுற்று மட்டும் இறுக்கினார். தட்டையும் லீவரையும் உடனே மாட்டவில்லை. கேட் வால்வைத் திறந்து, பட்டன் தண்டை இழுத்துப் பார்த்து, நட்டைச் சுற்றி ஈரம் வருகிறதா என்று பத்து நிமிடம் காத்திருந்தார். அங்கே கசிந்தால் தண்ணீர் தட்டுக்குப் பின்னால் சுவருக்குள் போகும், வெளியே தெரியவே தெரியாது. ஈரம் இல்லை என்று உறுதியான பிறகுதான் மற்றவற்றை மாட்டி, கீசர் ஆங்கிள் காக்கைத் திறந்தார். ஸ்பவுட்டில் வெந்நீர்ப் பக்கம் தண்ணீர் சீராக வந்ததைப் பார்த்த பிறகே ஸ்விட்ச்சைப் போடச் சொன்னார்.

ஷவர் தலை அதுவரை வினிகர் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்தது. அதன் ரப்பர் முனைகளைக் கட்டைவிரலால் தேய்த்ததும் உப்பு உதிர்ந்தது.

மறுபடி மக், மறுபடி ஸ்டாப்வாட்ச்

அன்று மாலை அளந்தபோது ஸ்பவுட்டில் ஒரு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் அளவுதான் வந்தது. மறுநாள் காலை, வாஷிங் மெஷினும் சமையலறைக் குழாயும் ஓடும் நேரத்தில் ஆசிரியையே அளந்தார். நிமிடத்துக்கு 60 மில்லி. எட்டு நிமிடக் குளியலுக்கு அரை லிட்டர். 12 லிட்டர் இருந்த இடத்தில் அரை லிட்டர்.

முழுசாக நிற்கவில்லையே என்று போனில் கேட்டபோது பிளம்பர் சொன்ன பதில் இது: "காலையில பிரஷர் இல்லம்மா. ரப்பரை எவ்வளவு மாத்தினாலும் பிடிக்கிற கை தண்ணிதானே?" மேல் தளத்துக்குப் பிரஷர் பம்ப் வைத்தால் அந்த 60 மில்லியும் குறையும். ஆனால் அரை லிட்டருக்காகப் பம்ப் வாங்கி, கரன்ட் செலவழிப்பது அவசியமா என்பது அவரவர் கணக்கு. ஷவரே மந்தமாக வருகிறது என்றால் மட்டுமே அதை யோசிக்கலாம். அப்போதும் கீசரும் பழைய பைப்புகளும் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று கேட்டுக்கொண்டு வைக்க வேண்டும்.

சுவரை உடைத்தே ஆக வேண்டிய நிலைமைகளும் இருக்கின்றன. உள்ளே பித்தளை விளிம்பு அரித்துப்போயிருந்தால், தட்டைச் சுற்றியோ சுவரின் மறுபக்கத்திலோ ஈரம் ஊறியிருந்தால், மாடல் நின்றுபோய் எந்த உதிரிப் பாகமும் பொருந்தாவிட்டால் வேறு வழி இல்லை. டைவர்ட்டரை டைல்ஸுக்குள் ஆழமாகப் புதைத்திருந்தால் ஸ்பேனர் போகும் அளவுக்காவது கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும். ஆனால், கழற்றிப் பார்க்காமல் இவற்றில் எதையும் சொல்ல முடியாது. ஈரச்சுவரைத் தவிர மற்ற எதுவும் வெளியே நின்று பார்த்தால் தெரியாது. யாராவது வந்ததும் வராததுமாக உடைக்கச் சொன்னால், "யூனிட்டைக் கழற்றி விளிம்பைக் காட்டுங்க" என்று கேட்டுவிடலாம்.

புதிதாக வீடு கட்டுபவர்களும், உடைத்து மாற்றுபவர்களும் மேல் தளத்தில் இருந்தால் கடையில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த டைவர்ட்டர் இழுத்து விடும் பட்டனா, திருப்பும் குமிழா? பட்டன் தண்ணீரின் அழுத்தத்தை நம்பி நிற்பது. திருப்பும் வகையில் உள்ளே செராமிக் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று சுழன்று வழியை மாற்றும், திருப்பிய இடத்திலேயே நிற்கும். டேங்க் காலியாகும் நேரத்திலும் அதன் பிடி தளராது. அதில் ஒரே ஒரு தொல்லை உண்டு. குளித்து முடித்ததும் குமிழைத் திருப்பி வைக்காமல் வந்துவிட்டால், அடுத்து கால் கழுவப் போகிறவர் தலையோடு நனைந்துதான் வருவார்.